"பெல் பட்டனை அமத்துங்க" என்று நாங்கள் ஏன் சொல்வதில்லை



எங்கள் கதைச் சேனலைப் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டும் பெற்றோரில் சிலர் ஒரு விடயத்தைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். "டீச்சர், கதை நல்லாத்தான் இருக்கி. கடைசில லைக் பண்ணுங்க, சப்ஸ்கிரைப் பண்ணுங்க, பெல் பட்டனை அமத்துங்க என்டு ஒரு வார்த்தை சொல்லுங்களன். அப்பதானே சேனல் வளரும்?" வீடியோ எடிட் பண்ணித் தரும் தம்பியும் இதையேதான் சொல்கிறார். அவருக்கு எங்கள்மேல் கொஞ்சம் கோபமும்கூட.

தரம் 1 முதல் 3 வரையான பிள்ளைகளுக்குக் கிழமைக்கு ஒரு கதை, நாலைந்து நிமிடம். ஆசிரியர்கள் நாலு பேர் சேர்ந்து செய்கிறோம். தொடங்கும்போதே என்ன மொழியில் பேசுவது, எதைப் பற்றிப் பேசுவது, பிள்ளையிடம் எதைக் கேட்பது என்று இரண்டு பக்கத்தில் விதிகள் எழுதிக்கொண்டோம். ஒலிப்பதிவு செய்யும் அறைச் சுவரில் அது ஒட்டியிருக்கிறது. அதில் கூடுதல் நேரம் எடுத்தது மூன்றாவது பகுதிதான், அதனால் அதையே முதலில் சொல்கிறோம்.

முதலில் பெல் பட்டன். 2019 செப்டெம்பரில் அமெரிக்காவின் வர்த்தக ஆணைக்குழு, பெற்றோரின் அனுமதியின்றிச் சிறுவர்களின் தகவல்களைச் சேகரித்ததாக யூடியூப்மீது தொடுத்த வழக்கு 170 மில்லியன் டொலருக்கு முடிந்தது. அதன்பின் 2020 ஜனவரியிலிருந்து வீடியோ போடும் எல்லாரும், உலகில் எங்கிருந்தாலும், இது சிறுவர்களுக்கானதா இல்லையா என்று குறிக்கவேண்டும். சிறுவர்களுக்கானது என்று குறித்தால் அந்த வீடியோவில் கொமெண்ட் மூடப்படும், பெல் பட்டன் வேலை செய்யாது, வீடியோவின் முடிவில் அடுத்த வீடியோவைக் காட்டும் பெட்டிகளும் வராது. பார்ப்பவரின் பழக்கங்களைப் பின்தொடர்ந்து காட்டும் விளம்பரங்களும் நிறுத்தப்படும்.

ஆகவே, ஒழுங்காகக் குறிக்கப்பட்ட ஒரு சிறுவர் வீடியோவில் "பெல் பட்டனை அமத்துங்க" என்றால், இல்லாத ஒன்றை அமத்தச் சொல்கிறோம். பெரியவர்கள் அந்த வசனத்தை வாகனச் சத்தம் போலக் கடந்துவிடுவார்கள். ஆறு வயதுப் பிள்ளை அப்படியில்லை. எங்கள் வகுப்பில் "புத்தகத்தை மூடுங்க" என்றால், பையிலுள்ள புத்தகத்தைத் திறந்து, பிறகு மூடிக் காட்டும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அந்த வயதில் சொல்லப்பட்டது செய்யப்பட வேண்டியது. பட்டனைத் தேடும், கிடைக்காது, தனக்குத்தான் தெரியவில்லை என்று நினைக்கும்.

இதிலிருந்து பெற்றோருக்கு ஒரு சின்னச் சோதனையும் கிடைக்கிறது. சிறுவர் கதை, சிறுவர் பாட்டு என்று பெயர் போட்ட வீடியோவின் கீழே கொமெண்ட் திறந்திருக்கிறதா என்று பாருங்கள். திறந்திருந்தால், அந்த வீடியோ சிறுவர்களுக்கானது என்று குறிக்கப்படவில்லை. பெரியவர்களுக்கு வருகிற விளம்பரங்கள் உங்கள் பிள்ளைக்கும் வரலாம்.

பிள்ளை சொன்னபடி செய்யும் என்பதற்கு ஒரு பழைய கதை உண்டு. நியூயோர்க்கில் சூப்பி சேல்ஸ் என்று ஒரு சிறுவர் நிகழ்ச்சி நகைச்சுவையாளர் இருந்தார். 1965 ஜனவரி 1ஆம் திகதி நேரடி ஒளிபரப்பில், நிகழ்ச்சியின் கடைசியில் நேரம் மிஞ்சிவிட்டது. அந்த நேரத்தை நிரப்ப, "உம்மா வாப்பா இன்னும் தூங்குறாங்களா? மெல்லப் போய் அவங்கட பணப்பைல இருக்கிற, ஆக்கள்ட படம் போட்ட பச்சைக் கடதாசியள எடுத்து எனக்கு அனுப்புங்க" என்ற கருத்தில் பேசிவிட்டார். அவரைப் பொறுத்தவரை பகிடி. ஆனால் முறைப்பாடு போனது, தொலைக்காட்சி நிலையம் அவரைத் தற்காலிகமாக நிறுத்தியது. அந்த ஒரு வசனத்தில் எத்தனை பிழை இருக்கிறது என்று நாங்கள் நாலு பேரும் இருந்து எண்ணிப் பார்த்தோம். காசு கேட்கிறது, பெற்றோருக்குத் தெரியாமல் செய்யச் சொல்கிறது, விரும்பிய மாமா ஒருவரின் முகத்தால் கேட்கிறது, பகிடி என்று பிள்ளைக்கு விளங்காது. எங்கள் தாளில் உள்ள நாலு தடைகள் இந்த ஒரு வசனத்திலிருந்தே வந்தவை.

சரி, கேட்கக்கூடாதது தெரிந்துவிட்டது. எப்படிக் கேட்பது? அதே நாட்டில் 1968 முதல் 2001 வரை ஃபிரெட் ரோஜர்ஸ் என்பவர் சின்னப் பிள்ளைகளுக்கு ஒரு நிகழ்ச்சி நடத்தினார். ஒவ்வொரு வசனத்தையும் ஒரு பிள்ளையின் காதால் கேட்டுப் பார்த்துத் திருத்துவாராம். ஒரு காட்சியில் தாதி, இரத்த அழுத்தம் பார்க்கும் பட்டியில் காற்று நிரப்பும்போது சொன்ன ஆங்கில வார்த்தைக்கு "வெடிக்க வைக்கிறேன்" என்றும் பொருள் வரும் என்று, அந்த வசனத்தையே மாற்றச் சொன்னார். அவரோடு வேலை செய்த இருவர் 1977இல், அவர் வசனம் திருத்தும் முறையைப் பாதி பகிடியாக ஒன்பது படிகளாக எழுதி வைத்தார்கள். "தெருவில் விளையாடுவது ஆபத்து" என்ற வசனம் அதில் படிப்படியாக மாறும். ஆபத்து என்ற சொல் போய், எங்கே விளையாடினால் நல்லது என்று வரும். பிறகு பெற்றோரிடம் கேட்கும்படி வரும். பிறகு "எல்லாப் பிள்ளைக்கும் பெற்றோர் இல்லையே" என்று அந்தச் சொல்லும் போய், பிள்ளைக்குப் பிடித்த பெரியவர்கள் என்று ஆகும்.

இந்தப் படி எங்களை நிறுத்திவிட்டது. எங்கள் ஊரில் வாப்பா கட்டாரில் இருக்கும் பிள்ளைகள் எத்தனை, உம்மா குவைத்தில் இருக்க உம்மம்மாவோடு வளரும் பிள்ளைகள் எத்தனை? "உம்மாட்டக் கேளுங்க" என்று நாங்கள் சிரித்துக்கொண்டு சொல்லும் ஒவ்வொரு தடவையும் அந்தப் பிள்ளைக்கு என்ன நடக்கும்?

ஆகவே எங்கள் கடைசி வசனத்தை அதேபோல் ஒரு நாள் பின்னேரம் உடைத்துப் பார்த்தோம். எடிட் பண்ணும் தம்பி எழுதித் தந்தது இது: "புள்ளைகளே, இந்த வீடியோவ லைக் பண்ணி, எல்லாருக்கும் ஷேர் பண்ணி, நம்மட சேனல சப்ஸ்கிரைப் பண்ணிடுங்க!"

இதில் சொன்ன மூன்றையும் ஏழு வயதுப் பிள்ளை செய்ய முடியாது. போன் அதனுடையதல்ல, கணக்கும் அதனுடையதல்ல. எனவே அடுத்து இப்படி மாற்றினோம்: "உம்மா வாப்பாட்டச் சொல்லி சப்ஸ்கிரைப் பண்ணச் சொல்லுங்க." இது முதலாவதைவிட மோசம். இப்போது பிள்ளை எங்கள் முகவராகிவிட்டது. கடைக்குப் போனால் அழுது வாங்குகிற பிஸ்கட்டுக்கு விளம்பரக்காரர் செய்வதும் இதுதான். "வீட்டில உள்ள பெரியவங்கட்டச் சொல்லுங்க" என்று மாற்றினால் குவைத்துப் பிரச்சினை தீரும், முகவர் பிரச்சினை தீராது.

அப்போது எங்களில் ஒருவர் கேட்டார்: "சப்ஸ்கிரைப் ஆருக்குத் தேவை? நமக்கு. அப்ப அத பெரியவங்கட்ட நேரா கேப்பமே." அதன்படி அந்த வேண்டுகோள் பிள்ளையின் காதுக்கு வராமல், வீடியோவின் கீழே எழுத்தில் பெற்றோருக்கு என்று போய்விட்டது. கதை சொல்லும் குரல் அதைப் பற்றிப் பேசுவதே இல்லை.

பிள்ளையிடம் கேட்க என்ன மிச்சம்? கதையைத் திருப்பிச் சொல்வது. தரம் 1, 2இல் ஒரு பிள்ளைக்குக் கதை விளங்கியதா என்று பார்க்க, அதை அதன் சொந்த வாயால் சொல்ல வைப்பதைவிட நல்ல வழி எங்களுக்குத் தெரியாது. "இந்தக் கதைய வீட்டில ஒராளுக்குச் சொல்லோணும், சரியா?" என்று எழுதினோம். "சொல்லோணும்" என்பது வீட்டுப்பாடம் போல் இருந்தது. கேட்க ஆளில்லாத வீட்டில் அது கடனாக நிற்கும். கடைசியில் வந்தது இது: "இந்தக் கதைய ஆருக்குச் சொல்ல உங்களுக்கு விருப்பம்?" அதன்பின் மூன்று செக்கன் அமைதி. பிள்ளை பதில் சொல்வதற்கு அந்த மூன்று செக்கன் தேவை. எடிட்டில் அதை வெட்டிவிடுவார்கள் என்பதால் "வெட்டக் கூடாது" என்று சிவப்புப் பேனையால் எழுதியிருக்கிறோம். பிறகு, "இப்ப போன வைப்பம். போயிட்டு வாறன்."

இரண்டாம் கிழமை ஒரு மகன் வந்து, வாத்துக் கதையைத் தங்கள் வீட்டு ஆட்டுக்குச் சொன்னதாகச் சொன்னார். ஆடு கேட்டதாம். எங்கள் வேண்டுகோள் நிறைவேறிவிட்டது.

கைவேலை வீடியோக்களுக்கு இன்னொரு சிறு விதி உண்டு. "கத்தரிக்கோல எடுங்க, பெரியவங்க பக்கத்தில இருக்கோணும்" என்று சொல்லக்கூடாது. முதல் பாதி முடியும்போதே பிள்ளை எழும்பிப் போய்விடும். "முதல்ல ஒரு பெரியவரக் கூட்டிட்டு வாங்க" என்று சொல்லி, நிறுத்தி, பிறகுதான் கத்தரிக்கோலின் பெயரைச் சொல்லவேண்டும்.

இனி, இதை எழுதத் தூண்டிய விடயத்துக்கு வருகிறோம்.

இவ்வருடம் தரம் 2 பிள்ளையொன்று இரண்டு நாளாக இடைவேளையில் சாப்பிடவில்லை. வகுப்பாசிரியை கூட்டிவைத்துக் கேட்டபோது மெல்ல மெல்லச் சொன்னது. வீட்டுப் போனில் ஒரு வீடியோ வந்திருக்கிறது. சிறுவர் வீடியோ மாதிரியே படம், பச்சைப் பின்னணி, நல்ல குரல். "இந்த வீடியோவத் தள்ளிட்டுப் போறவங்களுக்கு நபிகள் மேல அன்பில்ல. பத்துப் பேருக்கு அனுப்புங்க, நாளைக்கே நல்ல செய்தி வரும்" என்று அந்தக் குரல் சொல்லியிருக்கிறது. தம்பி போனை இழுத்ததில் விரல் பட்டு வீடியோ போய்விட்டது. அவ்வளவுதான். அந்தப் பிள்ளை இரண்டு இரவு, தனக்கு நபி (ஸல்) அவர்கள்மீது அன்பில்லை என்று முடிவாகிவிட்டதாக நினைத்துக்கொண்டு படுத்திருக்கிறது. யாரிடமும் சொல்லவில்லை, சொன்னால் எல்லாருக்கும் தெரிந்துவிடுமே என்ற பயம்.

எந்தச் சேனல் என்று எழுதப்போவதில்லை. ஒன்றிரண்டு அல்ல, இந்த வசனம் நம் எல்லார் போனிலும் சுற்றுகிறது. பெரியவர்கள் நாம் அதைப் பார்த்துச் சிரித்துவிட்டுத் தள்ளிவிடுகிறோம், அல்லது எதற்கும் இருக்கட்டும் என்று அனுப்பிவிடுகிறோம். பிள்ளைக்கு அந்த இரண்டு வழியும் இல்லை.

மார்க்கம் இதில் எங்கே நிற்கிறது என்பதற்கு நெடுந்தூரம் போகத் தேவையில்லை. அபூதாவூதில், அப்துல்லாஹ் இப்னு ஆமிர் (ரழி) அவர்கள் தமது சிறுபராயச் சம்பவமொன்றைச் சொல்கிறார்கள். தாயார் "வா, தருகிறேன்" என்று கூப்பிடுகிறார். நபியவர்கள் அந்த வீட்டில் இருந்தார்கள். என்ன கொடுக்கப்போகிறாய் என்று கேட்டார்கள். பேரீச்சம்பழம் என்றார் தாய். ஒன்றும் கொடுக்காமல் விட்டிருந்தால் அது உன்மீது ஒரு பொய்யாக எழுதப்பட்டிருக்கும் என்ற கருத்தில் நபியவர்கள் சொன்னார்கள். ஒரு பிள்ளையைக் கூப்பிடும் வார்த்தைக்கே இந்தக் கணக்கு என்றால், "நாளைக்கே நல்ல செய்தி வரும்" என்று பிள்ளைக்குச் சொல்பவரின் கணக்கு என்ன? பருவம் அடையும்வரை பிள்ளையின் செயல்கள் குற்றமாக எழுதப்படாது என்பதும் நாம் மதரஸாவில் படித்ததுதான். அந்தப் பிள்ளைக்கு நாங்கள் சொன்னதும் அதைத்தான். "மகள், உங்கட பேருல ஒண்டும் எழுதல்ல." ஒரு போத்தல் தண்ணீரைக் குடித்து முடித்துவிட்டு, "தம்பிட பேருலயுமா?" என்று கேட்டது. தம்பி பெயரிலும் இல்லை என்று சொன்னோம்.

அன்று பின்னேரமே தாளில் ஒரு வரி சேர்ந்தது. அல்லாஹ்வின் பெயரையோ நபியின் பெயரையோ சொல்லி, பார்க்கவோ பகிரவோ அமத்தவோ கேட்பதில்லை. நன்மை கிடைக்கும் என்றும் இல்லை, பாவம் என்றும் இல்லை. "நல்ல பிள்ளைகள் கடைசிவரை பார்ப்பாங்க" என்பதும் இதே வகைதான், அதையும் வெட்டிவிட்டோம். பாதியில் எழும்பி மூத்திரம் பெய்யப் போகும் பிள்ளையும் நல்ல பிள்ளைதான்.

மொழி விதிகளைச் சுருக்கமாகச் சொல்லலாம். கதை சொல்லும் குரல் பாடப்புத்தகத் தமிழில் பேசும், கதைக்குள் இருப்பவர்கள் வீட்டுத் தமிழில் பேசுவார்கள். "வாப்பா சந்தையிலிருந்து வந்தார்" என்று குரல் சொல்லும். பிள்ளை ஓடிவந்து, "வாப்பா, எனக்கு என்ன கொண்டு வந்தீங்க?" என்று கேட்கும். இந்தியக் கார்ட்டூன் தமிழை நாள் முழுக்கக் கேட்கும் நம் பிள்ளைகளில் சிலர், "உம்மா" என்பது வீட்டுக்குள் மட்டும் சொல்லும் சொல், கதையில் வருவது "அம்மா"தான் என்று நினைக்கிறார்கள். கதைக்குள்ளும் உம்மா வரட்டும், பக்கத்து ஊர்ப் பிள்ளை வரும் கதையில் அம்மாவும் வரட்டும்.

கட்டளைச் சொற்களில் ஒரு சிக்கல் இருக்கிறது. தமிழில் மறுப்பு, சொல்லின் வாலில் வருகிறது. "ஓடாதீங்க" என்றால் "ஓட" முதலில் காதில் விழுகிறது, "வேண்டாம்" என்பது பின்னால் வருகிறது. மைதானத்தில் நின்று கத்திப் பார்த்த எந்த ஆசிரியருக்கும் இது தெரியும். அதனால் செய்யக்கூடாததைச் சொல்லாமல், செய்யவேண்டியதைச் சொல்கிறோம்: "நடந்து போங்க." இன்னொன்று, உடம்பை வைத்துக் கூப்பிடும் பெயர்கள். கறுப்பி, குண்டன், நொண்டி போன்றவை கெட்ட பாத்திரத்தின் வாயிலும் வராது. கெட்டவன் சொன்னால் கெட்டது என்று பிள்ளை விளங்கிக்கொள்ளும் என்று ஒரு வாதம் இருக்கிறது. அடுத்த நாள் வகுப்பில் வந்து நின்று பார்த்தால், கெட்டவனின் பெயர் மறந்துபோயிருக்கும், அவன் சொன்ன பட்டப்பெயர் மட்டும் பின்வரிசையில் சுற்றிக்கொண்டிருக்கும்.

எதைப் பற்றிக் கதை சொல்லலாம் என்பதில் எங்களுக்குள் இன்னும் இணக்கம் இல்லை. எங்களில் ஒருவர், பயமே வரக்கூடாது என்கிறார். மற்ற மூவருக்கும் அதில் உடன்பாடில்லை. வெள்ளம் கண்ட ஊர் இது, சுனாமியைப் பற்றி வீட்டில் பேசும் பேச்சைக் கேட்டு வளரும் பிள்ளைகள் இவர்கள், பயம் என்ன என்று அவர்களுக்குத் தெரியும். இப்போதைக்கு நாங்கள் எழுதி வைத்திருப்பது, பயம் வந்தால் அது அதே கதைக்குள் முடியவேண்டும் என்பது. தொலைந்த ஆட்டுக்குட்டி அதே வீடியோவில் வீடு வந்து சேரும். "தொடரும்" போடுவதில்லை. ஆட்டுக்குட்டியைக் காட்டில் விட்டுவிட்டு அடுத்த கிழமை வாருங்கள் என்பதும், பெல் பட்டனை அமத்துங்க என்பதும் வேறு வேறு வேலைகள் அல்ல. வெட்கப்படுத்தும் கதைகள் மட்டும் நாலு பேருக்கும் ஒருமனதாக வேண்டாம். படுக்கையை நனைத்த பிள்ளையை எல்லாரும் சிரிக்கும் கதை ஒன்று எங்களுக்கு எழுதி அனுப்பப்பட்டது. நன்றியோடு திருப்பி அனுப்பினோம்.

இந்த விதிகளால் இழப்பும் இருக்கிறது. பார்ப்பவர் தொகை மெல்லத்தான் ஏறுகிறது. தம்பி சொல்வது அந்த அளவில் சரிதான், அவர் இலவசமாகச் செய்து தரும் வேலைக்கு அது ஒரு கவலைதான். கீழே எழுத்தில் போட்ட வேண்டுகோளைப் பெரும்பாலான பெற்றோர் திறந்தே பார்ப்பதில்லை. அதனால் இந்தப் பதிவிலேயே பெரியவர்களாகிய உங்களிடம் நேராகக் கேட்கிறோம்: விருப்பமானால் சப்ஸ்கிரைப் செய்யுங்கள், பிடிக்காவிட்டால் விடுங்கள். இரண்டிலும் நன்மை தீமை ஒன்றும் இல்லை.

ஒரு விதி இன்னும் எழுதப்படவில்லை. பிள்ளைகள் கீறிய சித்திரங்களை அனுப்பினால் வீடியோவில் காட்டலாமா என்று கேட்கிறார்கள். பெயரும் பாடசாலையும் முகமும் காட்டமாட்டோம் என்பது தீர்மானம். ஆனால் "உங்கட சித்திரத்த அனுப்புங்க" என்று சொன்னால், ஐம்பது வரும், ஐந்தைக் காட்டுவோம். மிச்ச நாற்பத்தைந்து பிள்ளைகள் அந்த வீடியோவைக் கடைசிவரை எப்படிப் பார்த்திருப்பார்கள் என்பதுதான் கேள்வி. எல்லாவற்றையும் காட்ட நேரம் போதாது. எடிட் பண்ணும் தம்பி ஒரு வழி சொல்லியிருக்கிறார். ஒவ்வொன்றும் இரண்டு செக்கன், பின்னணியில் மழைச் சத்தம், பேச்சே இல்லை. அடுத்த சனிக்கிழமை அதை ஐம்பது சித்திரத்தோடு செய்து பார்க்கப் போகிறோம்.